உரையாற்ற அழைத்திருக்கிறார்கள், போக முடியாது. கூட வேலை செய்பவரைப் பரிந்துரைத்து எப்படி எழுதுவது?

இரவுச்சிறகு எழுதியது:

வணக்கம். ஒரு மெயில் எழுதத் தெரியாமல் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

வௌவால்களின் ஒலியைப் பதிவு செய்து எந்த இனம் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுப்பது என் வேலை. ஐந்து மாதம் கழித்து நடக்கும் ஒரு மாநாட்டில் 40 நிமிடம் பேச அழைத்திருக்கிறார்கள். நாங்கள் அனுப்பிக் கேட்டதில்லை, அவர்களே தேடி வந்த அழைப்பு. பயணம், தங்கும் இடம், பதிவுக் கட்டணம் எல்லாம் அவர்கள் பொறுப்பு, கூடவே சிறு மதிப்பூதியம். பத்து நாளுக்குள் பதில் வேண்டுமாம்.

சிக்கல் என்னவென்றால், அது நாங்கள் கணக்கெடுக்கும் இனம் குட்டி போடும் பருவம். ஆண்டுக்கு ஒரு தாய்க்கு ஒரே குட்டி. அந்தச் சில வாரங்களை விட்டால் அடுத்த ஆண்டுதான். ஆறு ஆண்டாக இடைவெளி இல்லாமல் எடுத்த கணக்கு, இந்த ஆண்டு ஓட்டை விழுந்தால் எனக்குத் தூக்கம் வராது.

என் குழுவில் ஒரு பெண் இருக்கிறார். முனைவர் பட்டம் முடித்து இரண்டு ஆண்டு ஆகிறது. அழைப்பில் அவர்கள் குறிப்பிட்டிருக்கும் கட்டுரையில், ஒலியிலிருந்து இனத்தைப் பிரித்தறியும் பகுதி முழுக்க அவர் செய்தது. முதல் பெயர் என்னுடையது என்பதால் அழைப்பு எனக்கு வந்துவிட்டது. அவர் பேசினால் என்னைவிட நன்றாகவே இருக்கும். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

நான் எழுதி வைத்திருப்பது இது:

> உங்கள் அழைப்புக்கு மிக்க நன்றி. இதை எனக்குக் கிடைத்த பெரும் கௌரவமாகக் கருதுகிறேன். ஆனால் அந்தச் சமயத்தில் களப்பணி இருக்கும் போலத் தெரிகிறது, வருவது சற்றுக் கடினமாக இருக்கலாம். எனக்குப் பதிலாக என் சக ஆய்வாளரை அனுப்பி வைக்கிறேன். அவர் மிகவும் திறமையானவர், நன்றாகப் பேசுவார். அவரையும் இந்த மெயிலில் இணைத்திருக்கிறேன்.

படிக்கும்போது எங்கோ இடிக்கிறது. எங்கே என்று தெரியவில்லை.

---

நேரடிப்பேச்சு எழுதியது:

இதற்கு மூன்று நாளா? முடியாது என்றால் முடியாது என்று இன்றே எழுதி அனுப்பிவிடுங்கள். அவர்களுக்கும் அடுத்த ஆளைப் பார்க்க நேரம் கிடைக்கும். காரணமெல்லாம் விளக்க வேண்டியதில்லை, நீங்கள் யாருக்கும் விடுப்பு விண்ணப்பம் எழுதவில்லை.

அந்தப் பெண்ணை சிசியில் போட்டதும் சரிதான். இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பேசி நேரத்தை வீணாக்காமல், அவர்களே பேசி முடித்துக்கொள்ளட்டும். "கௌரவம்" வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

---

நிரல்குழுப்பழசு எழுதியது:

நான் பல ஆண்டுகள் மாநாட்டு நிரல்குழுவில் இருந்தவன். இந்தக் கடிதத்தை வாங்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இடிக்கும் முதல் இடம் "கடினமாக இருக்கலாம்". இதைப் படிக்கும் எங்களுக்கு உங்கள் பதில் மறுப்பா, பேரமா என்று தெரியாது. ஒரு முறை இப்படித்தான் ஒரு பதில் வந்தது. சரி, இன்னும் யோசிக்கிறார் போல என்று நாங்கள் காத்திருந்தோம், நாங்கள் வேறு ஆளைப் பார்த்திருப்போம் என்று அவர் நினைத்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்து நான் மறுபடி எழுதிக் கேட்டபோதுதான் இரண்டு பேருக்கும் விஷயம் புரிந்தது. அதற்குள் பட்டியலில் அடுத்து இருந்தவர் வேறு மாநாட்டுக்கு ஒப்புக்கொண்டிருந்தார். எங்களைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று மென்மையாக எழுதியவர், கடைசியில் அதிகமாகக் கஷ்டப்படுத்தினார். மறுப்பு முதல் இரண்டு வரிக்குள் வரட்டும். "என்னால் வர இயலாது" என்று எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது இடம் "அனுப்பி வைக்கிறேன்". அந்த 40 நிமிடம் உங்களுடையது இல்லை. நீங்கள் ஒப்புக்கொள்ளும் வரை அது குழுவின் கையில் இருக்கிறது, ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அது அவர்களிடமே திரும்பிப் போகிறது. பெரும்பாலும் எங்களிடம் வரிசையாக ஒரு பட்டியல் இருக்கும். முதல் ஆள் மறுத்தால் இரண்டாவது ஆளுக்குப் போகும். அந்த இரண்டாவது பெயரும் சும்மா வந்ததில்லை, அதற்காக யாரோ ஒருவர் கூட்டத்தில் வாதாடியிருப்பார். நீங்கள் "அனுப்புகிறேன்" என்று எழுதினால், வேண்டாம் என்று சொல்லும் சங்கடத்தை எங்கள் தலையில் கட்டுகிறீர்கள். "பரிசீலிக்கலாம் என்று ஒரு பெயரைச் சொல்கிறேன்" என்பது வேறு. அதை எடுத்துக்கொள்ளவும் முடியும், விட்டுவிடவும் முடியும்.

மூன்றாவது, சிசி. இதில் நண்பர் நேரடிப்பேச்சுடன் நான் உடன்படவில்லை. அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும்போது குழுத் தலைவர் என்ன எழுத முடியும்? "நன்றி, ஆனால் எங்களுக்கு வேறு திட்டம் இருக்கிறது" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். பலர் சொல்லவே மாட்டார்கள், பதில் போடாமல் விட்டுவிடுவார்கள். பாதிக்கப்படுவது உங்கள் சகாதான்.

இன்றே எழுதுங்கள் என்று அவர் சொன்னது மட்டும் நூற்றுக்கு நூறு சரி. பத்து நாள் கொடுத்திருந்தாலும் பத்தாம் நாள் வந்த மறுப்பு, இரண்டாம் நாள் வந்த மறுப்பில் பாதி மதிப்புகூடப் பெறாது.

காரணம் விஷயத்தில் பாதிதான் உடன்படுகிறேன். பொதுவாக விளக்கம் தேவையில்லை. ஆனால் உங்கள் காரணம் தேதி. "அந்த வாரம் முடியாது" என்று மட்டும் எழுதினால் நான் உடனே "ஆன்லைனில் பேசுங்களேன்", "கடைசி நாளுக்கு மாற்றித் தருகிறோம்" என்று திருப்பி எழுதுவேன். அது எங்கள் வேலை. களத்தில் இணையம் இல்லை என்றால், ஆன்லைனிலும் முடியாது என்று ஒரே வரியில் சேர்த்துவிடுங்கள். இரண்டு மெயில் மிச்சம்.

---

மூன்றாம்பெஞ்ச் எழுதியது:

எனக்கும் இதே பிரச்சினைதான்! என் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள், பணமும் கட்டியாகிவிட்டது, விசா வரவில்லை. நண்பன் ஒருவன் அந்த ஊரிலேயே இருக்கிறான், அவனைப் போய் ஸ்லைடைப் படித்துவிட்டு வரச் சொல்லலாமா? மெயில் எழுத வேண்டுமா அல்லது அவன் நேரே போய் நின்றால் போதுமா?

---

நிரல்குழுப்பழசு எழுதியது:

உங்களுடையது வேறு கதை, தம்பி. இரவுச்சிறகுக்கு வந்தது அழைப்பு, அதை மறுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. நீங்கள் அனுப்பி, அவர்கள் தேர்ந்தெடுத்து, இருவரும் ஒப்புக்கொண்டது உங்களுடையது. அங்கே மாற்று ஆள் என்பது பரிந்துரை இல்லை, கடமையை நிறைவேற்றும் வழி. கட்டுரையின் இணை ஆசிரியர் யாராவது பேசலாம் என்று பல மாநாடுகள் அனுமதிக்கும். ஆசிரியர் அல்லாத நண்பர் பேச முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். யாருமே வந்து பேசாவிட்டால் கட்டுரையை வெளியிடாமல் விலக்கும் உரிமையைச் சில அமைப்புகள் வைத்திருக்கின்றன. ஐ-ட்ரிபிள்-ஈ மாநாடுகளின் அறிவிப்பில் இந்த வரியை நீங்களே பார்த்திருப்பீர்கள். நேரே போய் நிற்கச் சொல்லாதீர்கள், இன்றே எழுதிக் கேளுங்கள்.

---

கோடைமழை எழுதியது:

நான் பரிந்துரைக்கப்பட்ட பக்கத்தில் இருந்தவள். யாரும் இந்தப் பக்கத்திலிருந்து பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

என் மேலதிகாரிக்கு வந்த அழைப்பை மறுத்து, என் பெயரைக் கொடுத்தார். எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் "உங்கள் உரையின் தலைப்பையும் சுருக்கத்தையும் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்" என்று யாரோ எழுதுகிறார்கள். எந்த உரை? கேட்டால் அவர் சிரித்துக்கொண்டே "உனக்கு நல்லது என்றுதான் சொன்னேன்" என்றார். நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாதம் என் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. மேலதிகாரி வாக்குக் கொடுத்த பிறகு நான் எப்படி முடியாது என்பேன்? போனேன்.

அதைவிடப் பெரியது பிறகுதான் தெரிந்தது. அவருக்கு எழுதிய அழைப்பில் பயணச் செலவு, தங்கும் இடம் எல்லாம் இருந்திருக்கிறது. எனக்கு எழுதியதில் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டாம் என்று மட்டும் இருந்தது. அதே மேடை, அதே 40 நிமிடம். நான் கேட்கவில்லை, கேட்கலாம் என்றே தெரியாது. கைக்காசும் கடனும் போட்டுப் போய் வந்தேன். மோசடி என்று சொல்ல மாட்டேன். பெரிய பெயருக்காக ஒதுக்கிய பணத்தைச் சின்ன பெயருக்குச் செலவு செய்ய அவர்களுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அக்கா, நீங்கள் அவரிடம் முதலில் பேசுங்கள். பேசும்போது அழைப்பில் என்னென்ன தருவதாகச் சொல்லியிருந்தார்கள் என்பதையும் காட்டுங்கள்.

---

இரவுச்சிறகு எழுதியது:

கோடைமழை, இதைப் படித்ததும் கொஞ்சம் கூசிப்போனேன். நானும் அதே "உனக்கு நல்லது" மனநிலையில்தான் இருந்தேன்.

ஆனால் முதலில் அவரிடம் பேசுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அவருடைய ஒப்பந்தத்தை ஆண்டுதோறும் நீட்டிப்பதில் என் கையெழுத்து இருக்கிறது. "போகிறாயா?" என்று நான் கேட்டால் அவர் காதில் அது "போ" என்றுதான் விழும். இன்னொன்று, அவரிடம் சொல்லி, அவர் ஆசைப்பட்டு, மாநாட்டார் வேறு யாரையோ கூப்பிட்டுவிட்டால்? அந்த ஏமாற்றத்துக்கும் நான்தானே காரணம்?

---

தராசு எழுதியது:

அதனால்தான் நான் வரிசையை மாற்றுவேன். முதலில் மாநாட்டாருக்கு மறுப்பை எழுதுங்கள். "வேண்டுமானால் ஓரிரு பெயர் சொல்கிறேன்" என்று மட்டும் முடியுங்கள். அவர்கள் ஆர்வமாகக் கேட்டால் அப்போது சகாவிடம் பேசுங்கள். கேட்கவில்லை என்றால் அவருக்குத் தெரியாமலே போகட்டும், யாருக்கும் வலியில்லை. நான் இரண்டு முறை இப்படிச் செய்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். ஒரே பெயரை, அதுவும் தன் குழுவிலிருந்தே கொடுத்தால், "தன் ஆளை ஏற்றிவிடப் பார்க்கிறார்" என்ற பேச்சு வரும். இரண்டு பெயர் கொடுங்கள், ஒன்று உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து.

---

நிரல்குழுப்பழசு எழுதியது:

தராசு சொல்லும் வரிசையில் ஒரு ஓட்டை இருக்கிறது. "வேண்டுமானால் சொல்கிறேன்" என்று வந்தால் பத்தில் ஒன்பது முறை நான் கேட்க மாட்டேன். மறுப்பு வந்த அன்றே அடுத்த பெயருக்கு எழுதிவிடுவேன். பெயர் கண்ணெதிரே இருந்தால் மட்டுமே அது கூட்டத்தில் பேசப்படும். என் கணக்கில் பரிந்துரைக்கு உயிர் இருப்பது மறுப்புக் கடிதத்திலேயே, அதே நிமிடத்தில்.

சகாவிடம் எப்படிக் கேட்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது. நேரில் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்காதீர்கள், முகத்தைப் பார்த்து மறுக்க யாராலும் முடியாது. எழுதிக் கேளுங்கள், ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். போகிறாயா என்று கேட்காமல், உன் பெயரைக் குறிப்பிடலாமா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றில்லை. பெயரைச் சொல்ல அனுமதி கொடுத்தவர், நாளை அழைப்பு வரும்போது மறுக்கவும் முடியும். அழைப்பு அவருக்கு நேரடியாக வரும், ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் அவருக்கும் அவர்களுக்கும் இடையில், நீங்கள் நடுவில் இல்லை. இதை அப்படியே எழுதிவிடுங்கள்.

இரண்டு பெயர் யோசனை நல்லது. உங்கள் ஆள் என்பதை மறைக்காதீர்கள், முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டு, பிறகு இணையப் பக்கத்தைப் பார்த்து நாங்களே தெரிந்துகொண்டால்தான் அசிங்கம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அவர்கள் உங்களை எதற்காகக் கூப்பிட்டார்கள்? அழைப்பை மறுபடி படித்துப் பாருங்கள். "உங்கள் கட்டுரையில் பயன்படுத்திய முறை" என்று எழுதியிருந்தால், அந்த முறையைச் செய்தவர்தான் சரியான ஆள், பரிந்துரை தானாக நிற்கும். "இந்தத் துறை கடந்து வந்த பாதை" என்றோ "தொடக்க உரை" என்றோ இருந்தால், அவர்களுக்கு வேண்டியது அனுபவமும் தெரிந்த பெயரும். அதைப் பார்த்துப் பதிவு செய்ய வருபவர்கள் உண்டு. அங்கே இரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவரின் பெயரைக் கொடுத்தால் அவருக்கும் நல்லதில்லை, சபையும் வேறு எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும்.

---

இரவுச்சிறகு எழுதியது:

இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். "பதிவுகளிலிருந்து இனங்களைப் பிரித்தறியும் உங்கள் முறையைப் பற்றி, குறிப்பாக ஒன்றின் ஒலி மற்றொன்றுடன் மேற்கவியும் இனங்களை எப்படிக் கையாண்டீர்கள் என்பது பற்றி" என்று இருக்கிறது. முழுக்க அவருடைய வேலை! இத்தனை நாள் என்னைப் புகழ்ந்த முதல் பத்தியை மட்டும் படித்துக்கொண்டிருந்தேன் போல.

---

நேரடிப்பேச்சு எழுதியது:

சிசி விஷயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். எனக்கு இருந்த பழக்கம் நிறுவனத்துக்குள்ளே வேலையைக் கைமாற்றும் மெயில்கள், அதை இங்கே கொண்டுவந்துவிட்டேன்.

ஆனால் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். இந்த மாநாடு உண்மையானதுதானா? "மாண்புமிகு பேராசிரியரே" என்று ஆரம்பித்து, கடைசியில் பேச்சாளரிடமே கட்டணம் கேட்கும் அழைப்புகள் எனக்கே வாரத்துக்கு நாலு வருகின்றன. நான் வௌவாலைப் பார்த்ததே தெருவிளக்கடியில்தான். அப்படிப்பட்ட ஒன்றுக்குச் சகாவின் முகவரியைக் கொடுத்தால், அடுத்த பத்து ஆண்டுக்கு அவர் குப்பை மெயில் வாங்குவார்.

---

இரவுச்சிறகு எழுதியது:

நல்ல கேள்வி. பார்த்துவிட்டேன். குழுவில் இருவரை நேரில் தெரியும், சென்ற முறை நடந்ததன் உரைகள் காணொளியாக இருக்கின்றன. கட்டணம் கேட்கவில்லை, அவர்கள்தான் தருகிறார்கள். அதைவிட, என் கட்டுரையின் உள்ளே இருக்கும் ஒரு படத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். குப்பை மெயில்காரர்கள் அவ்வளவு படிப்பதில்லை.

---

தராசு எழுதியது:

இரண்டு பெயரில் குறைந்தது ஒருவராவது பெண் என்பதை அவர்கள் கவனிக்கட்டும். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச்சின் தலைவராக இருந்த பிரான்சிஸ் காலின்ஸ் 2019 ஜூனில் பகிரங்கமாகவே சொன்னார், ஆண்கள் மட்டுமே பேசும் மேடைகளுக்குக் காலம் முடிந்துவிட்டது, எல்லாருக்கும் வாய்ப்புத் தரும் முயற்சி நிரலில் தெரியாவிட்டால் அழைப்பை ஏற்க மாட்டேன் என்று. மறுக்கிறவரின் கையிலும் கொஞ்சம் அதிகாரம் இருக்கிறது.

"பெண்களைக் கூப்பிட்டோம், அவர்கள்தான் வரவில்லை" என்று அமைப்பாளர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை.

---

நிரல்குழுப்பழசு எழுதியது:

அந்த வாதத்துக்கு இரண்டு பக்கமும் ஆய்வு இருக்கிறது, தராசு. 2013-இல் பரிணாம உயிரியல் மாநாடு ஒன்றை வைத்து வந்த கட்டுரையில், அழைக்கப்பட்ட பெண்கள் ஆண்களைவிட அதிகமாக மறுத்திருந்தார்கள். அதற்குச் சில ஆண்டு கழித்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் துறைக் கூட்டங்களுக்கு வந்த பேச்சாளர்களைப் பார்த்த இன்னொரு ஆய்வு, பெண்கள் அதிகமாக மறுக்கவில்லை, குறைவாகவே பேச வந்திருந்தார்கள் என்றது. இரண்டும் வேறு வேறு கூட்டங்கள். எனக்கு இதில் கடைசித் தீர்ப்பு இல்லை. ஆனால் கூப்பிட்டவர் மறுக்கும்போது அடுத்த பெயர் யாருடையது என்பதில்தான் நிரல் மாறுகிறது. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்த இழையில் சண்டை வேண்டாம், கடிதத்துக்கு வருவோம். அம்மா, திருத்தி எழுதியதைப் போடுங்கள்.

---

இரவுச்சிறகு எழுதியது:

முதலில் சகாவுக்கு எழுதியது (நேற்று மாலை அனுப்பிவிட்டேன்):

> ஒரு மாநாட்டில் பேச எனக்கு அழைப்பு வந்திருக்கிறது, கீழே முழுதாக இணைத்திருக்கிறேன். குட்டி போடும் பருவம் என்பதால் நான் போகவில்லை. அவர்கள் கேட்டிருப்பது உன் முறையைப் பற்றி. மறுப்பு எழுதும்போது உன் பெயரைக் குறிப்பிடலாமா? பெயர் சொன்னால் அழைப்பு வரும் என்று உறுதி இல்லை, அவர்களிடம் வேறு பட்டியல் இருக்கலாம். வந்தால் உனக்கே நேராக வரும், அப்போதும் நீ மறுக்கலாம். களப்பணியில் உன் பங்கை வேறு ஒருவர் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்ய முடியும், அதற்காகத் தயங்க வேண்டாம். வேண்டாம் என்றால் "வேண்டாம்" என்று ஒரு சொல் போதும், காரணம் கேட்க மாட்டேன். நாளை மாலைக்குள் சொன்னால் போதும்.

இன்று மதியம் பதில் வந்தது. "சொல்லுங்க அக்கா. பயமா இருக்கு, ஆனா சொல்லுங்க." அதோடு ஒரு கேள்வி: "40 நிமிஷமும் நானேவா?"

மாநாட்டாருக்கு எழுதியிருப்பது:

> உங்கள் அழைப்புக்கு நன்றி. அந்த வாரம் களப்பணியில் இருப்பதால் என்னால் வர இயலாது. அங்கே இணைய வசதி இல்லை, ஆன்லைனிலும் பேச முடியாது.
>
> நீங்கள் கேட்டிருக்கும் பொருளுக்கு இரண்டு பெயர்களைப் பரிசீலிக்கலாம். முதலாமவர் என் குழுவில் பணிபுரிபவர், அதை மனத்தில் கொண்டே இதைப் படியுங்கள். கட்டுரையில் இனங்களைப் பிரித்தறியும் முறையை உருவாக்கியதும், ஒலி மேற்கவியும் இனங்களுக்கான சோதனைகளைச் செய்ததும் அவரே. நீங்கள் குறிப்பிட்ட அந்தப் படமும் அவருடையது. சென்ற ஆண்டு அவர் பேசிய 20 நிமிட உரையின் காணொளி இணைப்பு கீழே. அவர் பெயரைச் சொல்ல அவருடைய அனுமதி பெற்றிருக்கிறேன். இரண்டாமவர் எங்களுடன் பணிபுரியாதவர், இதே சிக்கலை வேறு வழியில் அணுகுபவர். அவரிடம் நான் இது பற்றிப் பேசவில்லை, அதனால் அவருடைய பொதுவான இணையப் பக்கத்தை மட்டும் தருகிறேன்.
>
> உங்கள் குழுவின் திட்டம் வேறாக இருந்தால், அதுவும் எனக்கு முழுச் சம்மதமே.

"திறமையானவர், நன்றாகப் பேசுவார்" இரண்டையும் எடுத்துவிட்டேன்.

---

நிரல்குழுப்பழசு எழுதியது:

நன்றாக வந்திருக்கிறது. "திறமையானவர்" என்று எல்லாரையும் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள், எங்கள் கண் அதைத் தாண்டிப் போய்விடும். "அந்தப் படம் அவருடையது" என்ற வரி தாண்டிப் போகாது. காணொளி இன்னும் நல்லது. தெரியாத பெயரை ஏற்பதில் குழுவுக்கு இருக்கும் ஒரே பயம் இவர் மேடையில் தாங்குவாரா என்பது. அதை ஐந்து நிமிடம் பார்த்தே தீர்த்துக்கொள்ளலாம். கூட்டத்தில் நாங்கள் செய்வது அதுதான்.

கடைசி வரியை மட்டும் கொஞ்சம் சுருக்குங்கள். "முழுச் சம்மதம்" என்றால் உங்கள் சம்மதம் தேவைப்பட்டது போல ஆகிவிடும். "முடிவு உங்களுடையது" போதும்.

---

கோடைமழை எழுதியது:

பணம் பற்றி ஒரு வரிகூட இல்லையே அக்கா?

---

இரவுச்சிறகு எழுதியது:

எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். "எனக்குச் சொன்ன அதே ஏற்பாடுகள் அவருக்கும் பொருந்தும் என நம்புகிறேன்" என்று. படித்தால் அவரை இன்னும் தேர்ந்தெடுக்காத குழுவிடம் சம்பளம் பேசுவது போல இருக்கிறது.

---

நிரல்குழுப்பழசு எழுதியது:

முதல் கடிதத்தில் வேண்டாம். இது என் கருத்து.

---

கோடைமழை எழுதியது:

எனக்கு வேண்டும். அப்போது யாராவது ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் நான் கடன் வாங்கியிருக்க மாட்டேன். பிறகு கேட்கும் தைரியம் அந்த இடத்தில் நிற்கும் ஆளுக்கு வராது சார். நீங்கள் மேசையின் அந்தப் பக்கம் இருந்தவர், உங்களுக்கு அது தெரியாது.

---

நிரல்குழுப்பழசு எழுதியது:

தெரியாதுதான். சரி, நடுவே ஒன்று சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கடிதத்தில் பணம் வேண்டாம். ஆனால் அழைப்பு முழுவதையும் சகாவுக்கு அனுப்பிவிட்டீர்கள், அதனால் உங்களுக்கு என்ன தருவதாக இருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவருக்கு வரும் அழைப்பில் அது குறைந்திருந்தால், கேட்க வேண்டியது அவர் இல்லை, நீங்கள். "எனக்குச் சொன்ன ஏற்பாடு இதுதான், அவருக்கு ஏன் வேறு?" என்று மூத்தவர் கேட்டால் குழுவால் மழுப்ப முடியாது. எங்களையும் ஒருவர் அப்படிக் கேட்டிருக்கிறார். வெட்கப்பட்டு, கொடுத்தோம்.

---

தராசு எழுதியது:

"40 நிமிஷமும் நானேவா" என்ற கேள்விக்கு என்ன சொன்னீர்கள்?

---

இரவுச்சிறகு எழுதியது:

முப்பது பேசு, பத்து கேள்விக்கு விடு என்றேன். 20 நிமிடம் பேசியவர் 30 பேசலாம். பயம் அதில் இல்லை என்று பிறகுதான் புரிந்தது. கேள்வி நேரத்தில் "இதைத் தொடங்கியவர் ஏன் வரவில்லை" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் அவர் பயம். "தொடங்கியவர் நீதான்" என்று சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை.

கடிதத்தை நேற்று இரவே அனுப்பிவிட்டேன், பணம் பற்றிய வரி இல்லாமல்.

---

இரவுச்சிறகு எழுதியது (பன்னிரண்டு நாள் கழித்து):

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாளில் பதில் வந்தது, தெளிவாக மறுத்ததற்கு நன்றி சொல்லி. பிறகு ஒரு வாரம் மௌனம். நேற்று சகாவுக்கு நேராக எழுதியிருக்கிறார்கள். அந்த 40 நிமிட உரை இல்லை, அது நான் சொன்ன இரண்டாமவருக்கும் போகவில்லை, அவர்கள் பட்டியலில் இருந்த வேறு ஒருவருக்குப் போயிருக்கிறது. ஆனால் காணொளியைப் பார்த்துவிட்டு, அதே மாநாட்டில் இரண்டு மணி நேரப் பயிலரங்கு ஒன்றை நடத்த முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். ஒலிக் கோப்புகளை வைத்துக்கொண்டு, பங்கேற்பவர்களே இனம் பிரித்துப் பார்க்கும்படி.

அவருக்கு உரையைவிட இதுதான் பிடித்திருக்கிறது. மேடையில் நிற்க வேண்டாம், மேசை மேசையாகப் போகலாம் என்கிறார்.

பயணச் செலவு பாதி. தங்கும் இடம் உண்டு. மதிப்பூதியம் பற்றிப் பேச்சே இல்லை.

---

கோடைமழை எழுதியது:

கேட்டீர்களா?

---

இரவுச்சிறகு எழுதியது:

பயிலரங்கு நடத்தும் எல்லாருக்கும் இதே ஏற்பாடுதானா, இல்லை இவருக்கு மட்டுமா என்று கேட்டு இன்று காலை எழுதினேன். கேட்கப்போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினேன். எல்லாருக்கும் இதே என்றால் மீதிப் பாதிக்கு எங்கள் திட்ட நிதியில் இடம் பார்க்க வேண்டும். பதில் இன்னும் வரவில்லை.

---

மூன்றாம்பெஞ்ச் எழுதியது:

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நண்பன் பேச அனுமதி கிடைக்கவில்லை, ஆனால் 12 நிமிடக் காணொளியாகப் பதிந்து அனுப்பினால் போதும் என்றார்கள். நிரல்குழுப்பழசு சார், அதைப் பதியும்போது முகம் தெரிய வேண்டுமா, ஸ்லைடு மட்டும் போதுமா?